பெயர் மாற்றம்: பிரமாணப் பத்திரம் முதல் பட்டா வரை

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஆவணம் எழுதுவது என் தொழில். பெயர் மாற்றிக்கொண்டவர்கள் என்னிடம் வருவது, பெரும்பாலும் மாற்றிப் பல ஆண்டுகள் கழித்துத்தான். வீட்டை விற்க முன்பணம் வாங்கியிருப்பார்கள், பதிவுக்கு நாள் குறித்திருப்பார்கள். கிரையப் பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் அதையே வேறு மாதிரி எழுதிய பெயர், ஆதாரில் முற்றிலும் வேறு பெயர் என்று இருக்கும். வாங்குகிறவரின் வக்கீல், "இந்த மூன்று பேரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் தேடுவது கடினம். பெயர் மாற்றும்போதே பதிலையும் தயார் செய்துவிட்டால் எளிது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர், தன் பெயரில் ஒரு மனையோ வீடோ வைத்திருப்பவர், பெயரை முழுதாக மாற்றுகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டால் பழைய பெயர் எல்லா இடத்திலும் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. "இன்னார் இனிமேல் இன்னார் என அழைக்கப்படுவார்" என்று அரசிதழ் அறிவிக்கிறது, அவ்வளவுதான். அதற்கு முன் எழுதிய பத்திரங்களும் சான்றிதழ்களும் பழைய பெயரிலேயே இருக்கும், செல்லுபடியாகவும் இருக்கும். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் நடுவே நீங்கள் ஒரு பாலம் கட்டுகிறீர்கள். ஒரு முனை பழைய ஆவணத்திலும் மறுமுனை புதிய அடையாள அட்டையிலும் எழுத்துப் பிசகாமல் பொருந்தினால்தான் அந்தப் பாலம் நிற்கும்.

எழுத்தைக் கூட்டிப் பார்ப்பது

விண்ணப்பத்தைத் தொடுமுன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் பெயர் இருக்கும் எல்லாத் தாள்களையும் எடுத்து மேசைமேல் பரப்புங்கள். பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், கிரையப் பத்திரம், பட்டா, சொத்துவரி ரசீது எல்லாவற்றையும். ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே, முன்னெழுத்தோடு, ஒரு தாளில் எழுதுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கடைசிவரை போவோம். போதும்பொண்ணு என்று ஒரு பெண். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தவளுக்கு, இனிப் பெண் வேண்டாம் என்று வைக்கிற பெயர் அது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் அவர்கள் படுவதை நேரில் பார்த்தவன் என்பதால்தான் இந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். அப்பா பெயர் குருசாமி. சொந்த மாவட்டம் விருதுநகர், குடியிருப்பது மதுரையில். 2012-இல் தன் பெயரில் ஒரு மனை வாங்கினார். இப்போது யாழினி என்று பெயர் மாற்ற விரும்புகிறார்.

அவருடைய தாள்களைப் பரப்பினால் இப்படி இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் G. PODHUMPONNU. ஆதாரில் Pothumponnu K. கிரையப் பத்திரத்தில் தமிழில் 'கு. போதும்பொண்ணு'. பட்டாவில் 'போதும்பெண்ணு', முன்னெழுத்தே இல்லை. பொண்ணு என்பது கொச்சை என்று யாரோ திருத்தித் தட்டச்சு செய்திருக்கிறார். குருசாமிக்கு ஓரிடத்தில் G, ஓரிடத்தில் K. ஆளைப் பார்த்தால் ஒருவர். தாளைப் பார்த்தால் நான்கு பேர்.

அரசிதழில் பழைய பெயராக எதை எழுதுவது என்பதுதான் இங்கே முக்கியமான முடிவு. பிறந்த தேதிக்கு எந்தச் சான்றை இணைக்கிறோமோ அதில் உள்ளபடிதான் பழைய பெயர் இருக்க வேண்டும். யாழினிக்கு அது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். ஆகவே பழைய பெயர் G. PODHUMPONNU. ஆதாரில் உள்ள எழுத்துப் பிழையை என்ன செய்வது? முடிந்தால், பெயர் மாற்ற வேலையைத் தொடங்கும் முன் ஆதாரைத் திருத்தலாம் என்று தோன்றும். நான் அதைச் சொல்வதில்லை. ஆதாரில் பெயரைப் பொதுவாக இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒரு வாய்ப்பைப் பழைய பெயரின் பிழைக்குச் செலவழித்துவிட்டு, அடுத்ததில் புதிய பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால், அதற்குப் பிறகு விதிவிலக்குக் கேட்டு ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகத்தை நாட வேண்டியிருக்கும். அந்தப் பிழைகளையெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் கட்டிவிடலாம்.

புதிய பெயரிலும் அதே கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் YAZHINI தானா, YALINI தானா என்று முடிவு செய்து, அதன் பிறகு மாற்றாதீர்கள். முன்னெழுத்தை விரித்து எழுதுவதா வேண்டாமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பான் விண்ணப்பத்தில் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்க விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டிலும் அப்படியே. ஆகவே என் யோசனை, அரசிதழிலேயே YAZHINI GURUSAMY என்று விரித்தே கொடுத்துவிடுவது. நம் ஊரில் முன்னெழுத்துத்தான் வழக்கம், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் G. YAZHINI என்று அரசிதழில் வந்து, பானில் YAZHINI GURUSAMY என்று நின்றால், அந்த G எதற்கு என்று மறுபடி ஒரு தாள் கேட்பார்கள்.

பிரமாணப் பத்திரம்

பெயர் மாற்றப் பத்திரம் என்று எல்லோரும் சொல்வது, முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி வழக்கறிஞர் முன் கையெழுத்திடும் உறுதிமொழிதான். தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கு முன்பு 20 ரூபாய் முத்திரைத்தாள் போதும். 2024-இல் கட்டணம் உயர்ந்து 200 ரூபாய் ஆகிவிட்டது. பழைய நினைப்பில் 20 ரூபாய்த் தாளில் எழுதிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

அரசிதழ் விண்ணப்பத்துக்கு இது கட்டாயமா என்று கேட்பார்கள். மாநில அரசிதழில் அடிப்படை, சான்றொப்பம் பெற்ற விண்ணப்பப் படிவமும் பிறந்த தேதிச் சான்றும்தான். ஆனால் சொத்து வைத்திருப்பவர் இதை எழுதாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அரசிதழ் அறிவிப்பு நான்கு வரிதான். அதில் பழைய பெயரை ஒரே வடிவத்தில்தான் சொல்ல முடியும். மேசைமேல் பரப்பிப் பார்த்த நான்கு வடிவங்களையும், தமிழ் எழுத்தையும், சர்வே எண்ணையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்ல இந்தப் பத்திரம்தான் இடம். யாழினிக்கு நான் எழுதினால் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

"எனது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் G. PODHUMPONNU என்றும், ஆதார் அட்டையில் Pothumponnu K என்றும், … சார்பதிவாளர் அலுவலகத்தில் 2012-ஆம் ஆண்டு … எண்ணாகப் பதிவான கிரையப் பத்திரத்தில் 'கு. போதும்பொண்ணு' என்றும், மேற்படி சொத்துக்கான … எண் பட்டாவில் 'போதும்பெண்ணு' என்றும் கண்டுள்ள பெயர்கள் யாவும் குருசாமி மகளாகிய என்னையே குறிக்கும். நான் எனது பெயரைத் தமிழில் 'யாழினி குருசாமி' என்றும், ஆங்கிலத்தில் YAZHINI GURUSAMY என்றும் மாற்றிக்கொள்கிறேன். இனி எல்லா ஆவணங்களிலும் இப்பெயராலேயே அழைக்கப்படுவேன். கடன், வழக்கு ஆகியவற்றிலிருந்து தப்பும் நோக்கில் இம்மாற்றத்தைச் செய்யவில்லை."

தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைச் சொல்கிற அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். பத்திரமும் பட்டாவும் தமிழில் இருக்கின்றன. அரசிதழ் அறிவிப்பை ஆங்கிலத்தில் கொடுத்திருப்பீர்கள். 'போதும்பொண்ணு' என்ற தமிழ்ப் பெயரும் PODHUMPONNU என்ற ஆங்கிலப் பெயரும் ஒன்றுதான் என்று எழுத்தில் சொல்லும் தாள் இது ஒன்றுதான்.

இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களை நெடுங்காலம் அறிந்தவர்களாக இருந்தால் நல்லது. கையெழுத்துப் பழைய பெயரிலும் புதிய பெயரிலும், இரண்டும் போடுங்கள். நோட்டரியின் முத்திரையும் பதிவேட்டு எண்ணும் தேதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காமல் நகலையே எங்கும் கொடுங்கள்.

இதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விருப்பப் பதிவாகச் செய்ய இடமுண்டு. ஆனால் அசையாச் சொத்தைப் பற்றியதல்லாத ஆவணம் நான்காம் புத்தகத்தில் போய்ச் சேரும். வில்லங்கச் சான்றில் காட்டப்படுவது முதல் புத்தகத்தில் பதிவானவை. ஆகவே பதிவு செய்ததாலேயே வில்லங்கத்தில் புதிய பெயர் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்துப் பணம் செலவழிக்க வேண்டாம்.

அரசிதழ்

மாநில அரசிதழை வெளியிடுவது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. படிவமும் அப்போதைய கட்டணமும் stationeryprinting.tn.gov.in தளத்தில் கிடைக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அங்கே உள்ளதையே பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புக் கொடுக்க வழியுண்டு. பாஸ்போர்ட், பான் என்று ஆங்கிலத் தாள்கள் இருப்பவருக்கு ஆங்கில அறிவிப்புத்தான் உதவும்.

படிவத்தில் பழைய பெயர், புதிய பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, மாற்றத்துக்கான காரணம் ஆகியவை கேட்கப்படும். புகைப்படத்தையும் நகல்களையும் நோட்டரியோ, ஏ அல்லது பி பிரிவு அரசு அலுவலரோ சான்றொப்பம் செய்ய வேண்டும். பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் இல்லாத பெரியவர்கள் அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று பெற்று இணைக்கலாம். மணவிலக்குப் பெற்றவரானால் தீர்ப்பின் நகலும், தத்துப் பிள்ளையானால் தத்துப் பத்திரமும், மதம் மாறியவரானால் அதற்கான சான்றும் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குத் தாயோ தகப்பனோ கையெழுத்திடுவார்.

பலர் தடுமாறும் இடம் கையெழுத்து. புதிய பெயர் மேல் உள்ள ஆசையில் புதிய பெயரில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அறிவிப்பைச் செய்கிறவர் பழைய பெயர்க்காரர். ஆகவே பழைய பெயரில்தான் கையெழுத்திட வேண்டும். அச்சில் வரும் அறிவிப்பு இந்த அமைப்பில் இருக்கும்:

```
I, G. Podhumponnu, daughter of Thiru Gurusamy,
born on ... (native district: Virudhunagar),
residing at No. ..., Madurai-..., shall henceforth
be known as YAZHINI GURUSAMY.
                              G. PODHUMPONNU.
Madurai, ...
```

அறிவிப்பு, தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் வரும். அரசிதழ் புதன்கிழமைதோறும் வெளியாகிறது. அந்தப் பிரிவின் தலைப்பில் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள்: பெயர் மாற்ற அறிவிப்பு வெளியாவதற்குத் துறை எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்காது, அறிவிப்பவரே அதன் விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் பொறுப்பு என்று. அதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் அச்சடிக்கிறார்கள், சரிபார்ப்பது உங்கள் வேலை என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

இதழ் கைக்கு வந்ததும் முதல் வேலை, விண்ணப்பத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பது. பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் இந்த நான்கும் சரியா? அச்சுப்பிழை இருந்தால் அன்றே துறைக்கு எழுதித் திருத்த அறிவிப்புக் கேளுங்கள். நாள் கடத்தினால் மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாகப் போட வேண்டிவரும். அறிவிப்பு உள்ள துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். அரசிதழின் எண், தேதி உள்ள முதல் பக்கமும் உங்கள் அறிவிப்புள்ள பக்கமும் சேர்ந்தால்தான் ஆவணம். இனி எல்லா விண்ணப்பத்திலும் இந்த எண்ணும் தேதியும் கேட்கப்படும்.

மத்திய அரசிதழில் போட வேண்டுமா? மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு அந்த வழி. அதற்குச் செய்தித்தாள் விளம்பரம் உட்பட வேறு இணைப்புகள் உண்டு, டெல்லியில் உள்ள வெளியீட்டுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்களுக்கு மாநில அரசிதழ் போதும்.

அடையாள அட்டைகள்

வரிசை முக்கியம். ஆதார், பான், வங்கி, பிறகு மற்றவை. வங்கியும் பானும் ஆதாரோடு ஒத்துப் பார்க்கிறார்கள் என்பதால் ஆதாரில் முடிக்காமல் அடுத்ததைத் தொட்டால் திரும்பி வரும். இன்னொன்று, கையில் ஒரு கிரையமோ வீட்டுக்கடனோ பாதியில் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். முன்பண ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் பதிவன்று காட்டும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தால் அன்றைய பதிவே நின்றுவிடும்.

ஆதாரை மாற்றுவதற்கு முந்தைய நாள், பழைய ஆதார், பழைய பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றையும் வண்ண நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பெயர் முழுதாக மாறுவதால் அரசிதழோடு பழைய பெயரில் புகைப்படம் உள்ள அடையாளச் சான்று ஒன்றையும் ஆதார் மையத்துக்கு எடுத்துப் போங்கள். மையத்தில் தட்டச்சு செய்ததும் அனுப்பும் முன் உங்களிடம் சரிபார்க்கச் சொல்வார்கள். அப்போது ஆங்கிலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். ஆங்கிலத்தில் Yazhini என்று அடித்தால் கணினி தானாகத் தமிழாக்கும்போது 'யாழினி' என்பது 'யழ்ஹினி' போல விழக்கூடும். ஆதாரில் உள்ள தமிழ்ப் பெயர்தான் பின்னால் பட்டா விண்ணப்பத்தில் ஒத்துப் பார்க்கப்படும். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லித் தமிழ் வரியைப் படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டிலும் இரண்டு வரியும் இருக்கும்.

மாறிய பின் myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதார் புதுப்பிப்பு வரலாற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆதார் எண்ணில் முன்பு என்ன பெயர் இருந்தது, எப்போது மாறியது என்று அது காட்டும். கைரேகையோடு கட்டிய எண் என்பதால், ஆள் ஒருவரே என்பதற்கு அரசிதழுக்கு அடுத்த நல்ல சான்று இது என்று நான் நினைக்கிறேன்.

பான் எண் மாறாது, பெயர் மட்டும் மாறும். பான் தரவுத் திருத்தப் படிவத்தில் அரசிதழ் நகலை இணைத்தால் போதும். ஆதாரில் மாற்றிவிட்டுப் பானை மறந்தால் இரண்டிலும் பெயர் பொருந்தாமல், ஒத்துப் பார்க்கும் இடத்திலெல்லாம் சிக்கும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. பாஸ்போர்ட்டுக்குத் தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்று சொல்லி மறுவெளியீடு கேட்க வேண்டும். குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாம் ஆதார் மாறிய பிறகு எளிதாக முடியும்.

பள்ளிச் சான்றிதழை மாற்ற அலைய வேண்டாம். பத்தாம் வகுப்பில் நீங்கள் அந்தப் பெயரில்தான் படித்தீர்கள், அது அன்றைய உண்மை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு அரசிதழ் நகலைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அரசுப் பணியில் இருப்பவர் பணிப்பதிவேட்டில் மாற்றத்தைப் பதியச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

கிரையப் பத்திரத்தைத் தொடாதீர்கள்

இனி சொத்து. பெயர் மாற்றியதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, பத்திரத்தில் பெயரை எப்படி மாற்றுவது என்பது. மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை.

பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. எழுதிய அன்றைக்கே பத்திரத்தில் தவறு இருந்தால் அதைத் திருத்துவதற்கு அது. சர்வே எண் தப்பாக விழுந்தது, அப்பா பெயர் பிசகியது போன்றவை. 2012-இல் யாழினியின் பெயர் போதும்பொண்ணுதான். பத்திரம் சரியாகவே எழுதப்பட்டது. இல்லாத பிழையைத் திருத்த முடியாது. என்னிடம் வந்த ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டுப் பிழைத்திருத்தலுக்காக மனையை விற்றவரைத் தேடிப் போயிருந்தார். விற்றவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் நான்கு பேர் கையெழுத்துக்கு ஆளுக்கு ஒரு தொகை கேட்டார்கள். அவர் ஒரு தவணை கொடுத்தும்விட்டார். தேவையே இல்லாத கையெழுத்துக்குக் கொடுத்த பணம் அது. இன்னும் சிலர் பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்குத் தனக்குத்தானே தானசெட்டில்மெண்ட் எழுதலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளானால் அங்கே என்ன கைமாறுகிறது?

கிரையப் பத்திரத்தின் மூலத்தோடு அரசிதழ், பிரமாணப் பத்திரம், ஆதார் வரலாறு மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பத்திரத்தின் மேல் பேனாவால் எதையும் எழுதவோ அடிக்கவோ கூடாது. பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருந்தால், பெயர் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, நகல்களைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

பட்டாவைத் தொட வேண்டும்

பட்டா வேறு கதை. அது வருவாய்த் துறையின் நடப்புப் பதிவேடு, இன்றைக்கு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டுவது. ஆகவே அதில் புதிய பெயர் ஏற வேண்டும். முதலில் eservices.tn.gov.in தளத்தில் பட்டாவை எடுத்துப் பாருங்கள். தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா? யாழினியின் பட்டாவில் போல பழைய பெயரே தப்பாக இருக்கிறதா?

பழைய பெயர் தப்பாக இருந்தால் இரண்டு படியாகப் போக வேண்டியதில்லை. வட்டாட்சியருக்கு ஒரே மனுவில் இரண்டையும் சொல்லலாம்: பட்டாவில் 'போதும்பெண்ணு' என இருப்பது கிரையப் பத்திரத்தின்படி 'கு. போதும்பொண்ணு' என்பதன் எழுத்துப் பிழை. அவர் இன்ன தேதி அரசிதழின்படி யாழினி குருசாமி ஆனார். ஆகவே இன்ன சர்வே எண், உட்பிரிவு எண், பட்டா எண்ணில் பெயரை மாற்றித் தர வேண்டும். இணைப்பாகக் கிரையப் பத்திர நகல், அண்மைய வில்லங்கச் சான்று, அரசிதழ், பிரமாணப் பத்திரம், ஆதார். நிலம் கைமாறவில்லை, உட்பிரிவு எதுவும் இல்லை, ஆகவே அளவைக்கு வேலையில்லை என்பதை மனுவிலேயே ஒரு வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் வழக்கமான பட்டா மாறுதல் மனு என்று நினைத்து, "புதிய கிரையப் பத்திரம் எங்கே?" என்று திருப்பிவிடுவார்கள். திரும்பி வருகிற மனுக்களில் நான் மறுபடி மறுபடி காண்கிற காரணம் இதுதான்.

மனு கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குப் போகும். நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதையும் ஆளையும் அவர் விசாரிப்பார். மூலங்களை அவரிடம் காட்டுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். கூட்டுப் பட்டாவானால் மற்றவர்களின் பெயர் தவறிப்போகாமல் உங்கள் பெயர் மட்டும் மாறியிருக்கிறதா என்று புதிய பட்டாவில் பாருங்கள். மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பட்டா மாறிய பிறகு சொத்துவரி, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுவது பெரிய வேலையில்லை. சொத்துவரியை விட்டுவிடாதீர்கள். விற்கும்போது வாங்குகிறவர் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

விற்கும் நாளில்

பத்து ஆண்டு கழித்து யாழினி மனையை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரையப் பத்திரத்தில் விற்பவரை இப்படி எழுத வேண்டும்: "குருசாமி மகளும், முன்னர் 'கு. போதும்பொண்ணு' என்ற பெயரால் அழைக்கப்பட்டு, … தேதிய தமிழ்நாடு அரசிதழ் எண் … அறிவிப்பின்படி 'யாழினி குருசாமி' எனப் பெயர் மாற்றம் செய்துகொண்டவருமான …" சொத்து வந்த வழியைச் சொல்லும் பத்தியிலும், "எனது முந்தைய பெயரில் 2012-இல் கிரையம் பெற்று" என்று மறுபடி வர வேண்டும். எழுதுகிறவர் 'என்கிற' போட்டு ஒரே சொல்லில் முடிக்கப் பார்ப்பார். அரசிதழ் எண்ணையும் தேதியையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

அதோடு, இணையத்தில் ஆவணத்தை உருவாக்கும்போது எழுதிக் கொடுப்பவர் பெயருக்கான கட்டத்தில் 'யாழினி குருசாமி என்கிற போதும்பொண்ணு' என்று இரண்டு பெயரையும் ஏற்றச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றில் அந்தக் கட்டத்தில் உள்ளதுதான் அச்சாகும். புதிய பெயரை மட்டும் போட்டால், 2012-இல் போதும்பொண்ணு வாங்கினார், பின்னர் யாழினி விற்றார் என்று வில்லங்கம் காட்டும். நடுவே ஒரு கைமாற்றம் காணோமே என்று அடுத்து வாங்குகிறவர் கேட்பார். அப்போது உங்களைத் தேடிக்கொண்டு அவர் வரமாட்டார், உங்களிடம் வாங்கியவர் தலையில் அது விழும்.

தாய் தந்தையின் சொத்து வரவேண்டியிருப்பவர்களுக்கு இன்னொரு சொல். அப்பா எழுதிய உயிலில் 'என் மகள் போதும்பொண்ணு' என்றுதான் இருக்கும். அவர் நலமாக இருக்கும்போதே உயிலைப் புதுப்பித்து எழுதினால் இரண்டு பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயரை 'யாழினி குருசாமி (முன்னர் போதும்பொண்ணு)' என்று எழுதி அரசிதழ் நகலை இணையுங்கள். உடன்பிறந்தவர்களிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். அந்த விண்ணப்பத்தை உங்களுக்கு முன்னால் அவர்கள் போட நேரலாம்.